கசப்பு அடங்கினால் இனிப்பு ஏறுமா: உப்பு வைத்து மூன்று ஞாயிறுகள்

பம்பளிமாஸ் சுளைக்கு உப்பு தொட்டுத் தின்றால் இனிப்பு கூடுகிறது என்று அம்மா சொல்வார். உப்பு எப்படி இனிக்க வைக்கும் என்று கேட்டால் "தின்னு பாரு" என்பதோடு சரி. அதைத்தான் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்கிறேன்.

முதல் ஞாயிறு வீணாகப் போனது. சர்க்கரைத் தண்ணீர் இரண்டு டம்ளர், ஒன்றில் மட்டும் உப்பு. யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது: நான் எடுத்தது போர் தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் பருப்பே சரியாக வேகாது, லேசாகக் கரிக்கும். உப்பு போடாத டம்ளரிலும் ஏற்கெனவே உப்பு இருந்திருக்கிறது.

அடுத்த வாரம் கேன் தண்ணீர். என் சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அதனால் 5 கிராம் தூள் உப்பை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டேன். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சால் அதில் ஒரு முறை எடுத்தால் 0.1 கிராம் உப்பு. 100 மில்லி டம்ளருக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு. உப்பு இருப்பதாக யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாத அளவு. இன்னொரு டம்ளருக்கு வெறும் தண்ணீர் 10 மில்லி. டம்ளருக்கு அடியில் குறி, இடம் மாற்றி வைப்பது என் தம்பி மகன் வேலை. எது என்று அவனுக்கு மட்டும் தெரியும்.

நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு மூன்று முறை, நடுவில் வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் இடைவெளி. வெறும் சர்க்கரைத் தண்ணீரில் 12க்கு 7 முறை உப்புள்ளதே இனிப்பு என்றார்கள். காசு சுண்டிப் போட்டாலும் இப்படி வரும்.

மூன்றாவது ஞாயிறு கெட்டியான டிகாஷன் 20 மில்லி, சர்க்கரை 5 கிராம், பால் கிடையாது, தண்ணீர் விட்டு 100 மில்லி. சூடு ஏறி இறங்கினால் சுவை மாறும் என்பதால் நன்றாக ஆற வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா முதல் மடக்கிலேயே "இன்னாடா இது, கசாயம் மாதிரி கீது" என்றார். உப்புள்ள டம்ளரைக் குடித்ததும், "இதுல சக்கர தூக்கலா போட்டியா?" என்றார். சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான். இந்த முறை 12க்கு 9. தற்செயலாக 9 அல்லது அதற்கு மேல் வர நூற்றுக்கு ஏழு வாய்ப்பு இருப்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரைத் தண்ணீரில் வராதது இங்கே வந்தது என்பதுதான் விஷயம்.

காரணம் நாக்கில் இருக்கிறது. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் வரைந்த படத்தை மறந்துவிடுங்கள், சுவை மொட்டு இருக்கும் இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். ஒவ்வொரு மொட்டிலும் பல செல்கள், அவற்றுள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேலை. இனிப்பு, கசப்பு செல்களின் மேல் பூட்டு போல ஏற்பிகள் இருக்கின்றன. பொருந்தும் பொருள் ஒட்டினால்தான் அவை திறக்கும். இனிப்புக்கு முக்கியமானது ஒரு ஜோடி, கசப்புக்கோ சுமார் 25 வகை. உப்பும் புளிப்பும் வேறு மாதிரி: சோடியமோ அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியோ செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடும்.

இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று அமுக்கும். நாக்கின் இரு பாதியில் தனித்தனியாக வைத்தாலும் அமுக்குவதால், அது பெரும்பாலும் மூளையில் நடப்பது. சோடியம் கசப்பைக் குறைப்பது பெரும்பாலும் நாக்கிலேயே. கசப்பின் சத்தம் அங்கேயே குறைந்ததும், அது அமுக்கி வைத்திருந்த இனிப்பு மேலே வருகிறது. உப்பு இனிப்பைக் கூட்டவில்லை, விடுவித்தது. அதனால்தான் கசப்பே இல்லாத சர்க்கரைத் தண்ணீரில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. 1997ல் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இருவர் யூரியாவின் கசப்பு, சர்க்கரை, சோடியம் உப்பு மூன்றையும் கலந்து இதையே காட்டினார்கள்.

எல்லாக் கசப்புக்கும் இது செல்லாது. சில கசப்பு சோடியத்துக்கு நன்றாக அடங்கும், சில அசையாது. அளவும் முக்கியம். ஆர்வக்கோளாறில் உப்புத் தண்ணீரை 30 மில்லியாக ஏற்றினேன், டிகாஷன் ரசமாகிவிட்டது. கரிப்பு தெரிந்த கணம், இனிப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மிச்சம் ஒன்று. சுவை செல்களில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் கடத்தி ஒன்றும் உண்டு. குடல் குளுக்கோஸை உறிஞ்சும் அதே வகை. அப்படியானால் கசப்பில்லாத குளுக்கோஸ் தண்ணீரில்கூட உப்பு கொஞ்சம் உதவ வேண்டும். மெடிக்கலில் குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த முறையும் கேன் தண்ணீர்தான்.