தொடர் ஒத்ததிர்வுச் சுற்றில் என் பட்டை அகலம் ஏன் இரு மடங்கை நெருங்கியது?

செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, தொடர் ஒத்ததிர்வுச் சுற்றின் சோதனையைச் செய்து பார்த்தபோது நான் கணக்கிட்ட பட்டை அகலமும் அளந்ததும் ஒன்றுக்கொன்று சற்றும் ஒத்துவரவில்லை. சுற்றில் 10 மில்லிஹென்றி மின்தூண்டி, 10 நானோஃபாரட் மின்தேக்கி, 100 ஓம் மின்தடை ஆகியவை தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒத்ததிர்வு அதிர்வெண்ணை `f₀ = 1/(2π√(LC))` என்ற வாய்ப்பாட்டால் கணித்தால் சுமார் 15,915 ஹெர்ட்ஸ் வரும். அது ஏறத்தாழ சரியாகவே கிடைத்தது. அந்த அதிர்வெண்ணில் மின்தூண்டி, மின்தேக்கி இரண்டின் மின்மறுப்பும் 1000 ஓம் என்பதால், 100 ஓமால் வகுத்துத் தரக்காரணி 10 என்றும், பட்டை அகலம் `f₀/Q`, அதாவது சுமார் 1,592 ஹெர்ட்ஸ் என்றும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். வரைபடத்திலோ 2,865 ஹெர்ட்ஸ் வந்தது.

முதலில் மின்தேக்கியின் மேல் சந்தேகப்பட்டேன். ஆனால் அதன் மதிப்பு பிசகியிருந்தால் வரைபடத்தின் உச்சி இடம் மாறுமே தவிர, வளைவு இவ்வளவு அகன்றுவிடாது. `R/(2πL)` என்பதே பட்டை அகலம். அதில் மின்தேக்கிக்கு இடமே இல்லை. ஆகவே தவறு R என்ற எழுத்துக்குள்தான் இருந்தது. மின்தூண்டியை மட்டும் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தபோது அதன் கம்பிச் சுருளே 30 ஓம் காட்டியது. சிக்னல் ஜெனரேட்டரின் வெளியீட்டு மின்தடை 50 ஓம் என்று அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அத்தனை நாளும் அதைப் படித்தும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கிறேன். 100, 30, 50 மூன்றையும் கூட்டினால் 180 ஓம். 1000-ஐ 180-ஆல் வகுத்தால் தரக்காரணி 5.56, பட்டை அகலம் 2,865 ஹெர்ட்ஸ்.

இதை உறுதிசெய்ய இன்னொரு வழியும் உண்டு. சுற்றை இணைக்கும் முன் ஜெனரேட்டரை 1 வோல்ட்டுக்கு வைத்துவிட்டு, ஒத்ததிர்வில் அதன் முனைகளுக்கிடையே மீண்டும் அளந்தால் 0.72 வோல்ட்தான் இருக்கும். மீதி அதன் உள்தடையிலேயே இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் குமிழைத் திருப்பி முனை மின்னழுத்தத்தை மாறாமல் வைத்துக்கொண்டால் 50 ஓம் கணக்கிலிருந்து விலகிவிடும். அப்போது தரக்காரணி 7.7, பட்டை அகலம் சுமார் 2,070 ஹெர்ட்ஸ். இரண்டும் சரியான விடைகளே, ஆனால் எந்த முறையில் அளந்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதாவிட்டால் இரண்டுமே தவறாகத் தோன்றும்.

அரைத்திறன் புள்ளிகளில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது, மின்னோட்டம் பாதியாகும் இடத்தைக் குறித்துவிடுவதில்தான். திறன் பாதியாகும்போது மின்னோட்டம் 0.707 மடங்காக மட்டுமே குறைகிறது. 100 ஓமின் குறுக்கே உச்ச அளவு 0.556 வோல்ட் என்றால், தேட வேண்டியது 0.393 வோல்ட்டை, தவறுதலாக 0.278-ஐத் தேடினால் அகலம் 1.73 மடங்கு பெரிதாகி 4,960 ஹெர்ட்ஸ் அளவுக்கு வந்துவிடும்.

உச்சியைக் கண்டுபிடிப்பதும் நினைப்பது போல எளிதன்று. அங்கே வளைவு தட்டையாக இருப்பதால், 300 ஹெர்ட்ஸ் விலகினாலும் மின்னழுத்தம் 2 விழுக்காடுதான் குறைகிறது, கண்ணுக்கு அது தெரியாது. அதே விலகலில் ஜெனரேட்டர் முனை மின்னழுத்தத்துக்கும் மின்தடையின் மின்னழுத்தத்துக்கும் இடையிலான கட்ட வேறுபாடு சுமார் 16 பாகையாகிவிடும். ஆகவே ஆசிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் நிலைக்கு மாற்றி, நீள்வட்டம் ஒடுங்கி ஒற்றைச் சாய்கோடாகும் இடத்தையே நான் ஒத்ததிர்வாக எடுத்துக்கொண்டேன்.

தேர்வு நாளில் மின்தேக்கியின் குறுக்கே மின்னழுத்தத்தைக் காட்டச் சொன்னார்கள். 1 வோல்ட் மூலத்துக்கு அங்கே 5.56 வோல்ட் வர வேண்டும். என் சுற்றில் மின்தடை நிலமுனைப் பக்கம் இருந்தது. அந்த நிலையில் ஆசிலோஸ்கோப்பின் நிலக் கவ்வியை மின்தேக்கியும் மின்தடையும் சேரும் சந்தியில் மாட்டினால், இரு கருவிகளின் நிலமுனைகளும் ஒன்றே என்பதால் 100 ஓம் மின்தடை குறுக்கிணைப்பாகி, மிச்சமுள்ள 80 ஓமுக்கு 12.5 வோல்ட் வரை ஏறிவிடும். பக்கத்து மேசையில் ஒருவர் அந்த மதிப்பைக் கண்டு மகிழ்ச்சியுடன் எழுதிக்கொண்டிருந்தார். நான் மின்தேக்கியையும் மின்தடையையும் இடம் மாற்றி, மின்தேக்கியின் ஒரு முனை நிலத்தில் இருக்கும்படி இணைத்த பிறகே அளந்தேன்.