அவர்களுக்கு அது மத்தியானம்

பிப்ரவரியில் எங்கள் கல்லூரியில் யாரும் நள்ளிரவு வரை கண் விழித்துப் படிப்பதில்லை. நவம்பர், டிசம்பர் செமஸ்டர் முடிந்து, அடுத்த இன்டர்னல் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். அதனால் யூடியூபில் நான் போடும் படிப்பு வீடியோக்களை மற்றவர்கள் பார்ப்பது அந்த மாதம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை, ஏறியது. ஏன் ஏறுகிறது என்று தேடிப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அது தெரிந்த பிறகு அறைத்தோழி கேட்ட ஒரு கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

வீடியோவில் நான் பேசுவதில்லை, முகமும் தெரியாது. மேஜை விளக்கு, நோட்டு, என் கை, ஓரமாக ஒரு சின்ன அலாரம் கடிகாரம், அவ்வளவுதான். இரவு பதினொன்றிலிருந்து இரண்டு வரை ஐம்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. போனை புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்திருப்பேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடினால் போன் சூடாகித் தானே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு ஓய்விலும் நிறுத்தி, கவரைக் கழற்றி, ஃபேனுக்கு நேரே பிடித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். வெட்டி ஒட்டினாலும் ஏமாற்றவில்லை என்று காட்டத்தான் அந்தக் கடிகாரம். முள் நகர்வதைப் பார்த்தால் இவள் உண்மையாகவே ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

யார் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்று யூடியூப் காட்டும் பட்டியலை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அதில் எத்தனை முறை பார்த்தார்கள் என்ற கணக்கில் இந்தியாதான் முதலில் இருக்கும். அது போதும் என்று மூடிவிடுவேன். அன்றைக்கு அதே பட்டியலை Watch time (hours) என்று மாற்றி வரிசைப்படுத்தினேன். இந்தியா கீழே இறங்கிவிட்டது. மேலே அமெரிக்கா, ஜெர்மனி, அப்புறம் இங்கிலாந்து. இங்கே இருப்பவர்கள் திறந்து சில நிமிடங்களில் போய்விடுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிப்ரவரிப் புதிரும் அதோடு அவிழ்ந்தது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் முடிந்து பரீட்சை நடக்கும் மாதம் அது.

பார்வையாளர்கள் எப்போது யூடியூபில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஊதா நிறக் கட்டம் ஒன்று உண்டு. அதை நம்பி நேரத்தை முடிவு செய்யக் கூடாது. அவர்கள் யூடியூபில் எதையாவது பார்க்கும் நேரத்தைத்தான் அது சொல்லும், என் வீடியோவைப் பார்க்கும் நேரத்தை அல்ல. கடைசி 48 மணி நேரத்தை மணி வாரியாகக் காட்டும் பட்டைகளைத்தான் நான் பார்த்தேன். மாலை ஏழு மணிக்கு மேல் அவை உயர்ந்து, நள்ளிரவு தாண்டியும் இறங்காமல் நின்றன. இங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்றால் குளிர்காலத்தில் பெர்லினில் மாலை ஏழரை, நியூயார்க்கில் மத்தியானம் ஒன்றரை. நான் இன்றைய வீடியோவை எடுத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அவர்கள் நேற்றைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஏதோ பெரிய சேதி போல அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ அவங்களுக்கு அது மத்தியானம்தானேடி? அப்புறம் ராத்திரியில நீ மட்டும்தான் முழிச்சிருக்கியா?"

"நானும்தான்" என்று அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அதுதான் எனக்குக் கேட்டது. முதல் வருஷத்திலிருந்து அவள் என் விளக்கு வெளிச்சத்தில்தான் தூங்குகிறாள். துப்பட்டாவை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். பக்கத்திலிருக்கும் ரீடிங் ரூமை இரவு பத்து மணிக்கே பூட்டிவிடுவதால் எனக்கு வேறு இடமில்லை. ஒருமுறை அவள் சலித்துக்கொண்டபோது, "நம்மூர்ப் பிள்ளைங்க எத்தனையோ பேர் கூட உட்கார்ந்து படிக்கிறாங்க, தனியா முழிச்சிருக்கோம்னு அவங்களுக்குத் தோணக் கூடாது" என்று சொல்லியிருந்தேன். நம்பித்தான் சொன்னேன். அவளும் அதை நம்பித்தான் பொறுத்துக்கொண்டாள்.

அன்றிரவு என் பக்க நியாயங்களை நானே அடுக்கிப் பார்த்தேன். நம்மூர்ப் பிள்ளைகள் சீக்கிரம் போய்விடுவதற்குக் காரணம் விருப்பமின்மை என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவை வைத்துக்கொண்டு மூன்று மணி நேர வீடியோவை யார் ஓடவிடுவார்கள்? கையில் ஒரே போன், அதிலேயே பாடக் குறிப்பு பிடிஎஃப்பும் இருக்கும். அங்கே லேப்டாப்பும் வைஃபையும் இருப்பவர் ஓரமாக ஓடவிட்டுவிட்டுப் படிக்கலாம். இன்னொன்று, பட்டியல் சொல்வது நாட்டை மட்டும்தான், ஆளை அல்ல. போன வருஷம் எங்கள் துறையில் முடித்துவிட்டு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் அக்கா பார்த்தாலும் அது ஜெர்மனிக் கணக்கில்தான் சேரும். நான் பேசுவதும் இல்லை, வசன வரிகளும் இல்லை. அதனால் மொழியை வைத்தும் யாரென்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அவள் கேட்டதற்கு இது பதில் இல்லை. பார்ப்பவர் தமிழர்தானா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. ராத்திரி எதற்கு என்றுதான் கேட்டாள்.

வீடியோ எடிட்டிங் வேலை பார்க்கும் தெரிந்த அக்கா ஒருவரிடம் கேட்டேன். "கடிகாரத்தை எடுத்துடும்மா. மூலையில ஒரு கவுன்ட்டவுன் டைமர் போடு. மத்தியானம் பார்க்கிறவங்களுக்குப் பன்னிரண்டே முக்கால்னு தெரிஞ்சா ஒட்டாது. அப்புறம் நீ விடிகாலையில எடுத்தாலும் ஒண்ணும் தெரியாது" என்றார். ஒரு வீடியோவில் செய்து பார்த்தேன். ஜன்னலை மூடிவிட்டு, காலை நாலரைக்கு உட்கார்ந்து, டைமர் போட்டு எடுத்தேன். அதில் வித்தியாசம் தெரிந்ததா என்றால் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் தலைப்பும் வேறு, அங்கே பரீட்சைக் காலமும் முடிந்துவிட்டது. இரண்டு மூன்று விஷயங்கள் ஒன்றாக மாறினால், எதனால் ஏறியது எதனால் இறங்கியது என்று பிரிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், அன்று நாள் முழுக்க வகுப்பில் கண் சொக்கியது. ஐந்தரைக்கு பாத்ரூம் வாளிச் சத்தம் தொடங்கிவிட்டதால் கடைசிப் பகுதியின் ஒலி முழுவதையும் அணைக்க வேண்டியதாயிற்று. என் வீடியோவில் இருப்பதே பேனா கீறும் சத்தமும் பக்கம் புரளும் சத்தமும்தான். அதுவும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அதனால் மறுபடியும் பதினொரு மணிக்கே திரும்பிவிட்டேன். கடிகாரத்தையும் திரும்ப வைத்தேன். அமைதியான நேரம் அது ஒன்றுதான் என்பது காரணம். இன்னொரு காரணம் பணம். வெளிநாட்டில் ஓடும் விளம்பரங்களுக்குத்தான் கூடுதல் பணம் வருகிறது. அமெரிக்காவில் பார்ப்பவர்களால் வரும் பங்கிலிருந்து, அமெரிக்க வரிக்கான W-8BEN படிவத்தில் பான் எண் கொடுத்திருந்தும் 15 சதவீதம் வரி பிடித்தம் உண்டு. அந்தப் பிடித்தம் ரசீதில் இருந்துகொண்டே இருந்தது, யார் பார்க்கிறார்கள் என்று அதுவே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மிச்சத்தில்தான் என் மெஸ் பில் ஓடுகிறது. அப்பாவிடம் கேட்காமல் கட்டுகிறேன் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

விளக்குக்கு அட்டையில் மறைப்பு செய்து அவள் கட்டில் பக்கம் வெளிச்சம் போகாதபடி திருப்பினேன். அதனால் வீடியோவில் என் கை பாதி நிழலில் இருக்கிறது, பரவாயில்லை. பிறகு அவளிடமே நேராகக் கேட்டேன், "இது உனக்குக் கஷ்டமா இருந்தா நிறுத்திடட்டுமா?" என்று. "இந்த செமஸ்டர் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். அது சம்மதமா, என்னிடம் சொல்லிப் பயனில்லை என்ற சலிப்பா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மறுபடி கேட்டால் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பதும் தெரியவில்லை. மெஸ் பில் எதிலிருந்து போகிறது என்று அவளுக்கும் தெரியும்.