பிரிச்சுக் கொடுங்க தம்பி

ஏற்காட்டில் வீடு கட்டுகிற ஒருவருக்கு கிச்சன் அலமாரி வேலைக்கு ரேட் போட்டுக் கொடுத்திருந்தேன். நேற்று அவர் போன் பண்ணி, "தம்பி, கிச்சனுக்கு மொத்தமா போட்டிருக்கீங்க, பிளைவுட் எவ்வளவு, கூலி எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு நிக்கும்னு பிரிச்சு அனுப்புங்க" என்றார்.

என்ன பிளைவுட், தண்ணீர் தாங்குகிற 710 கிரேடா, எத்தனை எம்எம், கீல் எந்த கம்பெனி, எத்தனை சதுர அடி, எல்லாம் எழுதித் தருகிறேன் சார், வாங்குகிற விலை மட்டும் தரமாட்டேன் என்றேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு.

போன வருஷம் அஸ்தம்பட்டியில் ஒருவருக்கு அப்படிப் பிரித்துக் கொடுத்தேன். கீல் ஆன்லைனில் குறைவு என்று அவரே வாங்கி வந்தார். பலகையை முழுசாக மூடுகிற கதவுக்கு, பாதி மூடுகிற கீல். மாட்டினால் கதவு ஓரத்தில் பலகை தெரிகிறது. திருப்பி அனுப்பி வேறு வருவதற்குள் ஆசாரி நாலு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார், கூலி என் தலையில்.

பிளைவுட்டும் அப்படித்தான். ஒரு ஷீட் 32 சதுர அடி, வெட்டினால் துண்டு விழும். அதைக் கணக்கில் போட்டால் "கிச்சனே அவ்வளவு இல்லையே" என்பார்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றும் வண்டி வாடகையை மட்டும் தனியாகக் காட்டிவிட்டேன், அது மலைக்காகத்தானே.

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.