பட்டம் வாங்க லீவ் கேட்டேன், சான்றிதழ்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்றார்கள்

2024 ஏப்ரலில் எம்.எஸ்சி. முடித்தேன், ஆகஸ்டில் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் திருநெல்வேலி, கல்லூரியும் அங்கேதான். பட்டமளிப்பு விழா எப்போது என்று மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்தால்தான் விழா, அது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். கடைசியில் 2025 பிப்ரவரி 7 அன்று வகுப்பு வாட்ஸப் குழுவில் சுற்றறிக்கை வந்தது: விழா பிப்ரவரி 22, சனிக்கிழமை. கையில் இருந்தது பதினைந்தே நாள்.

சனிக்கிழமை எனக்கு எப்படியும் விடுமுறை. லீவே வேண்டாமே என்றுதான் முதலில் நினைத்தேன். சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு ஒத்திகை, அதற்கு வராதவர்களுக்கு அங்கி கிடையாது, மேடையும் கிடையாது. மேடையில் தருவது வெறும் கோப்பு உறை. அசல் பட்டச் சான்றிதழ் திங்கள்கிழமை, 24ஆம் தேதி, காலை 11 மணி முதல் தேர்வுப் பிரிவில், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவசரத்தில் அன்றைக்கே லீவ் விண்ணப்பம் போட்டேன். வெள்ளி, திங்கள், செவ்வாய் மூன்று நாள். காரணம் என்ற இடத்தில் 'பட்டமளிப்பு விழா' என்று ஒரே வரி. இணைப்பு எதுவும் இல்லை. இரண்டு நாளில் ஹெச்.ஆர். மேடத்திடமிருந்து திரும்பி வந்துவிட்டது. விழா சனிக்கிழமை என்று என் லீடிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு எதற்கு மூன்று வேலை நாள் என்று கேட்டிருந்தார். அதைவிட அடுத்த வரிதான் என்னைத் திகைக்க வைத்தது: "உங்கள் சான்றிதழ் 2024 ஜூன் தேதியிட்டு ஏற்கெனவே எங்கள் பதிவில் இருக்கிறது."

தப்பு என்னுடையதுதான். வேலையில் சேரும்போது நிரப்பிய படிவத்தில் 'சான்றிதழ் தேதி' என்ற கட்டத்தில், அப்போது கையில் இருந்த தற்காலிகச் சான்றிதழின் தேதியைப் போட்டிருந்தேன். புரொவிஷனல் என்று சொல்கிறோமே, அது. தேர்ச்சி பெற்றதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான், அது பட்டம் இல்லை. எங்கள் பட்டச் சான்றிதழில் தேர்ச்சி பெற்ற மாதமாக 2024 ஏப்ரல் இருக்கும், ஆனால் சான்றிதழின் தேதி பட்டமளிப்பு விழா நடந்த நாள். ஆக ஒரே படிப்புக்கு ஏப்ரல், ஜூன், பிப்ரவரி என மூன்று தேதிகள். ஹெச்.ஆர். பக்கத்திலிருந்து பார்த்தால், வாங்கி முடித்த சான்றிதழை வாங்கப் போகிறேன் என்று ஒரு பெண் லீவ் கேட்கிறாள்.

போதாக்குறைக்கு 26ஆம் தேதி, புதன்கிழமை, மகாசிவராத்திரி விடுமுறை. செவ்வாய் லீவ் கொடுத்தால் வெள்ளி முதல் புதன் வரை ஆறு நாள் சேர்ந்து வருகிறது. நான் அதை யோசிக்கவே இல்லை, ஆனால் யார் நம்புவார்கள்?

எங்கள் கம்பெனியில் சாண்ட்விச் விதியும் உண்டு. சனி ஞாயிறுக்கு முன்னும் பின்னும் முழு நாள் லீவ் எடுத்தால் நடுவில் உள்ள இரண்டு நாளையும் லீவாகவே கணக்குப் போடுவார்கள். நான் கேட்டது மூன்று நாள், அவர்கள் கணக்கில் ஐந்து. பயிற்சிக் காலத்தில் மாதத்துக்கு ஒரு நாள்தான் தற்செயல் விடுப்பு, என்னிடம் மிச்சம் இருந்தது இரண்டரை. மீதி இரண்டரை நாளுக்குச் சம்பளம் போகும்.

என் லீடிடம் போய் உட்கார்ந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "திங்கட்கிழமை உங்க அப்பா போய் வாங்க முடியாதா?" நியாயமான கேள்வி. தேர்வுப் பிரிவுக்குப் போன் செய்து கேட்டேன், மூன்றாவது முயற்சியில் எடுத்தார்கள். நேரில் பட்டம் பெறப் பதிவு செய்தவர்கள் தாங்களே வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தபாலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கலாம் என்றார்கள். எவ்வளவு நாள் என்பதற்கு "வரும்மா" என்பதே பதில். என் நியமனக் கடிதத்திலோ ஏப்ரல் முடிவதற்குள் அசல் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அதைச் சொன்னதும் லீடின் முகமே மாறியது. "இதை ஏன் முதல்லயே எழுதல?"

அப்புறம் இரண்டு பேருமாக நாள்களை மறுபடி அடுக்கினோம். வியாழன் மாலை 20ஆம் தேதி நாகர்கோவில் ரயில், வெள்ளி காலை நெல்லை. ஒத்திகை 3 மணிக்குத்தானே, அதனால் 9 முதல் 1 வரை வீட்டிலிருந்து வேலை, மதியம் அரை நாள் லீவ். வெள்ளி முழு நாள் லீவாக இல்லாததால் சாண்ட்விச் விதி வராது. திங்கள் முழு நாள். திங்கள் இரவு ரயிலில் கிளம்பினால் செவ்வாய் காலை பெங்களூர், ரயில் தாமதமானாலும் மதியம் 2 மணிக்கு இருக்கையில் இருந்துவிடலாம். ஆக செவ்வாய் காலை அரை நாள் மட்டும். மொத்தம் இரண்டு நாள்.

இரண்டாவது மெயில் ஆங்கிலத்தில்தான் போனது, விஷயம் இவ்வளவுதான்: "பதிவில் உள்ள ஜூன் 2024 தேதி தற்காலிகச் சான்றிதழுடையது, படிவத்தில் நான் தவறாகக் குறித்துவிட்டேன். பட்டச் சான்றிதழின் தேதி 22.02.2025. அது என் கையில் கிடைக்கும் நாள் 24.02.2025, நேரில் மட்டுமே. நியமனக் கடிதத்தின்படி 25ஆம் தேதி சமர்ப்பிக்கிறேன்." கீழே ஒவ்வொரு அரை நாளுக்கும் ஒரு வரி. சுற்றறிக்கையின் இரண்டு பக்கங்களும் இணைப்பில், கூடவே ஒத்திகை வரிக்கும் திங்கள்கிழமை வரிக்கும் அடிக்கோடு. ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது.

விழா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வியர்வை, நீண்ட உரை, மேடையில் நான்கு நொடி. "ஏட்டி, அங்கியோட ஒரு போட்டோ எடுக்காம வந்துராத" என்று அம்மா சொல்லியிருந்தாள், எடுத்தோம்.

திங்கள்கிழமைதான் உண்மையான விழா. 11 மணி என்றவர்கள் கவுன்டரைத் திறந்தபோது மணி இரண்டரை. என் கைக்குச் சான்றிதழ் வந்தது நாலே முக்காலுக்கு. பகல் பஸ் பிடித்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தால் வெறுங்கையோடு போயிருப்பேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், சரியாக இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு 'யாழினி' என்பது 'யாளினி' என்று அச்சாகியிருந்தது. அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகலுடன் மனு எழுத உட்கார்ந்துவிட்டாள், பாவம்.

செவ்வாய் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். 1.40க்கு அலுவலகத்தில் இருந்தேன், 2 மணிக்கு ஸ்கேன் செய்து அனுப்பினேன். மேடம் அந்தக் கட்டத்தில் தேதியை மாற்றிவிட்டு அசலைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பையைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது, அங்கிக்குக் கட்டிய 500 ரூபாய் முன்பணத்தின் ரசீது. அந்தக் கவுன்டர் திங்கள் மதியத்தோடு மூடிவிட்டார்களாம்.