வயிற்று ஸ்கேனுக்கு அம்மாவை இரண்டு தடவை கூட்டிப் போன கதை

என் அம்மாவுக்கு 63 வயது. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி வலி வந்ததால், டாக்டர் வயிறு முழுவதுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நேரம் வாங்கினேன். கூடவே ஒரு தாளும் கொடுத்தார்கள். அதில் இரண்டே வரி: "6 மணி நேரம் வெறும் வயிற்றில் வரவும். 1 மணி நேரம் முன்பு 5 டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் வரவும்."

படித்தால் புரிகிற வரிகள்தான். அப்படியிருந்தும் முதல் தடவை ஸ்கேன் பாதியில் நின்றது. அதே தாளோடு போகப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

அன்று ஸ்கேன் 10 மணிக்கு. அம்மா இட்லியைத் தொடவில்லை. ஆனால் 6 மணிக்கு எப்போதும் போல ஒரு டம்ளர் பால் காப்பி குடித்துவிட்டார்கள். "வெறும் காப்பிதானய்யா" என்றார்கள். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. தண்ணீரையும் வீட்டிலேயே, ஆறரை மணிக்கே, செம்பு செம்பாகக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். சேரன்மகாதேவி தாண்டும்போதே நெளிய ஆரம்பித்தார்கள். புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நேராகக் கழிப்பறைக்குத்தான் போனார்கள். அப்புறம் சென்டரில் ஸ்கேனுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவசரமாக ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தார்கள்.

மேசையில் படுத்த இரண்டாவது நிமிடமே ஸ்கேன் பார்க்கிற டாக்டரம்மா, "ஆச்சி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். காப்பி என்றதும் தலையை ஆட்டினார். பித்தப்பை சுருங்கிக் கிடக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார். மூத்திரப்பையும் நிரம்பவில்லை. குடித்த தண்ணீர் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

காப்பிக்கும் பித்தப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைக் காட்டினார். "இதை இழுத்துக் கட்டினா உள்ளே எத்தனை காசு இருக்குன்னு வெளியே இருந்து தெரியுமா? விரிஞ்சு இருந்தாத்தானே தெரியும்." கல்லீரலில் ஊறுகிற பித்தநீர் இந்தப் பையில்தான் சேர்ந்திருக்கும். கொழுப்புள்ள எதுவாவது குடலுக்குள் போனால், அதைச் செரிக்கப் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் தள்ளும். பாலில் கொழுப்பு இருக்கிறது. ஒரு டம்ளர் பால் காப்பியே போதும், பை சுருங்க. சுருங்கிய பையின் சுவர் தடித்தது போலத் தெரியும், வீக்கம் என்று சந்தேகப்பட இடம் கொடுக்கும். சின்னக் கல் மடிப்புக்குள் மறைந்துவிடும். மறுபடி நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் 6 மணி நேரம் என்பது, சில இடங்களில் 8.

வெறும் தண்ணீரில் கொழுப்பு இல்லை, அது பையைச் சுருக்காது. சாப்பிடாதே என்றும் தண்ணீர் குடி என்றும் ஒரே தாளில் எழுதியிருப்பது இதனால்தான். சாப்பிடாமல் இருப்பது மேல் வயிற்றுக்கு, தண்ணீர் அடிவயிற்றுக்கு. மூத்திரப்பை நிரம்பினால் காற்றடைத்த குடலை அது மேலே ஒதுக்கிவிடும். ஸ்கேன் அலை காற்றைத் தாண்டிப் போகாது, தண்ணீரில் தெளிவாகப் போகும். நிரம்பிய பையைச் சன்னல் மாதிரி வைத்துக்கொண்டுதான் பெண்களுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டையும் பார்க்கிறார்கள்.

நான்கு நாள் கழித்து மறுபடி நேரம் வாங்கினேன், 10.30க்கு. இந்தத் தடவை பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. தாளில் மாத்திரை பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. சில சர்க்கரை மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரை போகும். இன்சுலினும் அப்படித்தான். அதனால் எங்கள் டாக்டருக்கே போன் போட்டேன். பிரஷர் மாத்திரையைக் காலையில் ஒரு வாய் தண்ணீரோடு போடலாம், சர்க்கரை மாத்திரையை ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது போட்டால் போதும் என்றார். இது என் அம்மாவுக்குச் சொன்னது. உங்கள் மாத்திரைக்கு உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். நடுவில் நடுக்கம் வந்தால் ஸ்கேனைப் பார்க்காமல் உடனே இனிப்பைக் கொடு என்றும் சொன்னார். பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று வைத்துக்கொண்டேன். ஸ்கேன் முடிந்ததும் சாப்பிட இட்லியும் மிளகாய்ப் பொடியும் தூக்குவாளியில் ஏறின.

முந்தின இரவு 8.30க்கு மூன்று இட்லி. அதற்குப் பிறகு பாலும் இல்லை, பழமும் இல்லை. காலையில் வெற்றிலையையும் நிறுத்தச் சொன்னேன். மெல்லும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவோம், அது குடலில் போய் நின்று படத்தை மறைக்கும். அம்மாவுக்குக் காப்பியை விடுவதை விட இதுதான் கஷ்டமாக இருந்தது.

தண்ணீரை வீட்டில் குடிக்கவே விடவில்லை. பஸ் ஏறும் முன் கழிப்பறை போய்விட்டு வந்தார்கள். ஒன்பது மணிக்குச் சென்டரில் உட்கார்ந்து, 9.10லிருந்து 9.30க்குள் ஒரு லிட்டர் பாட்டிலை நிதானமாகக் குடித்து முடித்தார்கள். டம்ளர் கணக்கை நம்ப வேண்டாம். எங்கள் வீட்டிலேயே காப்பி டம்ளர் 150 மில்லி, தண்ணீர் டம்ளர் 300. ஐந்து டம்ளர் என்றால் முக்கால் லிட்டரும் ஆகலாம், ஒன்றரை லிட்டரும் ஆகலாம். அதிகம் குடித்தாலும் தொந்தரவுதான். மூத்திரப்பை மிதமிஞ்சி நிரம்பினால், சிறுநீரகத்தில் நீர் கட்டியிருப்பது போலக்கூடப் படத்தில் தெரியலாமாம். முட்டுகிறது ஆனால் அடக்க முடிகிறது என்கிற அளவுதான் சரி. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த ஒரு லிட்டரைக் குடிக்கக் கூடாது.

10.35க்கு உள்ளே கூப்பிட்டார்கள். பித்தப்பை இந்தத் தடவை விரிந்து, கறுப்பாக, பேரிக்காய் மாதிரி தெரிந்தது. அதற்குள் வெள்ளையாக மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நிழல். "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க ஆச்சி" என்றார். அம்மா திரும்பியதும் புள்ளிகள் உருண்டு இடம் மாறின. உருண்டால் கல், ஒட்டிக்கொண்டே இருந்தால் சுவரில் வளர்ந்த சதையாக இருக்கலாம் என்று சொன்னார். அப்புறம் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, கழிப்பறை போய்வரச் சொல்லி மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்த்தார். மூத்திரம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பதற்காம். 40 மில்லிதான் இருந்தது, கவலை இல்லை என்றார்.

வெளியே வந்து அம்மா இட்லி சாப்பிடும்போது, பக்கத்திலிருந்த ஒருவர் எங்கள் தாளை வாங்கிப் படம் எடுக்கப் பார்த்தார். அவர் மனைவிக்கு மருந்து ஏற்றி எடுக்கிற சிடி ஸ்கேன். அதற்குப் பட்டினி நேரம் வேறு, தண்ணீர்க் கணக்கும் வேறு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த ரிப்போர்ட்டும் கேட்பார்கள். உங்கள் ஸ்கேனுக்கு உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள் என்று கவுன்ட்டருக்கு அனுப்பிவைத்தேன்.

கிளம்பும்போது கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் எங்கள் தாளைக் காட்டி, காப்பி, டம்ளர், மாத்திரை மூன்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. "5 டம்ளர்" என்பதை அடித்து மேலே "1 லிட்டர்" என்று எழுதியது. "வெறும் வயிற்றில்" என்பதற்குப் பக்கத்தில் "பால், டீ, காப்பியும் கூடாது" என்று பேனாவாலேயே சேர்த்தது. "மாத்திரைக்கு என்னண்ணே எழுத?" என்று கேட்டது. "சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுபவர்கள் முந்தின நாளே டாக்டரைக் கேட்கவும்" என்று சொன்னேன். எழுதிவிட்டு, ஜெராக்ஸ் எடுக்க உள்ளே கொண்டுபோனது.