டூர் கணக்கைத் தீர்த்த கதை

நாலு பேர் டூர் போய் வந்தோம். பேர் வேண்டாம், நான் போக மற்றவர்கள் ம, க, ர. மூன்று நாளும் செலவெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பதிவானது. "நான் குடுத்துட்டேன்", "பெட்ரோல் 1200", நடுவில் நூறு போட்டோ, நக்கல். வந்ததும் கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் சாட்டை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்து எழுதினேன். பாதியில் எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. அப்புறம் குரூப் மெனுவில் Export chat போய், படங்கள் இல்லாமல் எழுத்துக் கோப்பாக எடுத்தேன். அதில் தொகை இருக்கும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். ஒரு பில்லை எழுதாமல் படமாக மட்டும் போட்டிருந்தான் க. படம்தான் கோப்பில் வராதே, அதை மட்டும் போனில் தேடி எடுத்துச் சேர்த்தேன்.

எக்செலில் ஒரு செலவுக்கு ஒரு வரி. யார் கொடுத்தார், எவ்வளவு, அது யார் யாருக்கான செலவு. அந்தச் செலவில் பங்குள்ளவர் பெயருக்குக் கீழே 1, இல்லாதவருக்குக் காலி. ர இரண்டாம் நாள்தான் வந்து சேர்ந்தான், முதல் நாள் அறை வாடகையில் அவனுக்குப் பங்கில்லை. அதனால் அந்த வரியில் மூன்று 1 மட்டும்.

| செலவு | கொடுத்தவர் | தொகை | நான் | ம | க | ர | பேர் |
|---|---|---|---|---|---|---|---|
| வண்டி வாடகை | ம | 6000 | 1 | 1 | 1 | 1 | 4 |
| அறை | க | 4800 | 1 | 1 | 1 | | 3 |
| சாப்பாடு | ர | 2000 | 1 | 1 | 1 | 1 | 4 |
| பெட்ரோல் | நான் | 1200 | 1 | 1 | 1 | 1 | 4 |
| ம-வுக்கு அனுப்பியது | நான் | 1000 | 1 | 1 | 1 | 1 | 4 |

கடைசிப் பத்தியான H-இல் =SUM(D2:G2) என்று போட்டுக் கீழே இழுத்தேன். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே, 7-ஆம் வரியில் இது:

```
=SUMIF($B$2:$B$6,D$1,$C$2:$C$6)-SUMPRODUCT($C$2:$C$6,D$2:D$6/$H$2:$H$6)
```

முதல் பாதி அவர் கையைவிட்டுக் கொடுத்தது, இரண்டாம் பாதி அவர் பங்கு. விடை கூட்டலில் வந்தால் அவருக்கு வர வேண்டியது, கழித்தலில் வந்தால் அவர் தர வேண்டியது. நாலு விடையையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும்.

எனக்கு வந்ததோ −6000. வண்டி வாடகையே அவ்வளவுதானே என்று அந்த வரியைப் பார்த்தால், "ம" என்பதற்குப் பின்னால் சாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் SUMIF-க்கு அது வேறு ஆள். அதை அழித்ததும் பூஜ்யம் வந்தது. நிம்மதியாகக் குரூப்பில் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் ர கேட்டான்: "டேய், நான் 550 தரணுமா? என் கணக்குல 300 தான்டா வருது." அவன் மனக்கணக்கு சரிதான். வண்டியில் 1500, சாப்பாட்டில் 500, பெட்ரோலில் 300, ஆக 2300. கொடுத்தது 2000. மிச்சம் 300. கூட 250 எங்கிருந்து வந்தது?

கடைசி வரியைப் பாருங்கள். வண்டிக்காக ம கொடுத்த பணத்தில் என் பங்குக்கென்று நடுவிலேயே 1000 அனுப்பியிருந்தேன். அது செலவே இல்லை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. நான் அதையும் செலவாக்கி நாலு பேருக்கும் பிரித்துவிட்டேன். பூஜ்யம் வந்ததே என்றால், தப்பான செலவையும் ஒழுங்காகப் பிரித்தால் பூஜ்யம்தான் வரும். எழுத்துப்பிழையைத்தான் அது பிடிக்கும், இதைப் பிடிக்காது. மொத்தத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: உண்மைச் செலவு 14000, என் அட்டவணையில் 15000.

திருத்தம் சின்னதுதான். அந்த வரியில் ம-வின் 1 தவிர மற்ற மூன்றையும் அழித்தேன். கொடுத்தது நான், முழுதும் வாங்கியது ம. சூத்திரத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. இப்போது ம +1100, க +900, ர −300, நான் −1700.

யார் யாருக்கு என்பதற்கு, அதிகம் தர வேண்டியவரையும் அதிகம் வர வேண்டியவரையும் முதலில் ஜோடி சேர்த்தேன். நான் ம-வுக்கு 1100, மீதி 600 க-வுக்கு. ர தன் 300-ஐயும் க-வுக்கே. மூன்று பரிமாற்றத்தில் முடிந்தது. ர உடனே அனுப்பினான், கூடவே "அந்த 250-க்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுடா" என்று ஒரு வரி. அதை எந்தப் பத்தியிலும் சேர்க்கவில்லை.