வாசல் பக்கம் பாருங்க

கும்பகோணத்தில் ஸ்டுடியோ ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். படம் எடுக்க உட்கார்ந்திருப்பவரிடம் 'இடது பக்கம் திரும்புங்க' என்று சொல்லவே மாட்டேன். யாருடைய இடது என்ற குழப்பத்தில் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் திரும்புவார்கள். 'வாசல் பக்கம் பாருங்க', 'அந்தக் குடை லைட்டைப் பாருங்க' என்பேன். கழுத்தும் கண்ணும் சேர்ந்து அங்கே போய்விடும். ஏஐயில் படம் செய்ய ஆரம்பித்தபோது இந்தப் பழக்கத்தை எப்படியோ மறந்துவிட்டேன்.

சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அம்மா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் பிறந்த பேரனை அம்மா பார்க்கவே இல்லை. "ஆடிப்பெருக்கு அன்னைக்கு சக்கரப் படித்துறையில இவன் சப்பரம் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், அம்மா இவனைப் பார்க்கணும். அவ்வளவுதாண்ணே" என்றார். கையில் இருந்தது அம்மாவின் ஒரே ஒரு நல்ல படம். ஏதோ விண்ணப்பத்துக்கு எடுத்தது, நேராக கேமராவை முறைத்துப் பார்க்கிறது.

பையனைப் படத்தின் இடது ஓரத்தில் நிறுத்தி, பாட்டி பேரனைப் பார்ப்பதாக ஏஐ கருவிக்கு எழுதிக் கொடுத்தேன். படித்துறை வந்தது, ஆறு வந்தது, பையன் கையில் சப்பரமும் வந்தது. அம்மா மட்டும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கருவிகள் கற்றுக்கொண்ட முகப்படங்களில் பெரும்பாலானவை கேமராவைப் பார்ப்பவை. நாம் கொடுக்கும் படமும் நேர்ப்பார்வை என்றால் அது இன்னும் அழுத்தமாக அங்கேயே நிற்கும். சரி, 'இடது பக்கம் பார்க்கிறார்' என்று சேர்த்தேன். வலது பக்கம் திரும்பினார். அவருடைய இடது அது! ஸ்டுடியோவில் நான் தவிர்த்து வந்த அதே குழப்பம்.

கடைப் பையன் "கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுடலாம்ணே" என்றான். அம்மாவை மட்டும் வெட்டித் திருப்பி வைத்தோம். அந்தப் பெண் பார்த்த உடனே, "எங்க அம்மா மாராப்பை இந்தப் பக்கமா போடுவாங்க?" என்றார். பார்த்தால் மாராப்பு வலது தோளுக்கும், வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது மூக்குக்கும் போயிருந்தது. ஆண் என்றால் சட்டைப் பை இடம் மாறும், வகிடு மாறும். திருப்பிப் போடும் வேலை வீட்டு ஆட்களிடம் செல்லாது.

அப்புறம்தான் புத்தி வந்தது. பாட்டியைத் திருப்புவதற்குப் பதில் பையனை வலது ஓரத்துக்கு மாற்றினேன். முகம் படத்தின் வலது ஓரத்தை நோக்கித் திரும்பினால் நமக்குத் தெரிவது அவருடைய வலது கன்னம். மூக்குத்தியும் நம் பக்கமே வரும். அன்றிலிருந்து இடது, வலது என்று தனியாக எழுதுவதில்லை. 'படத்தின் வலது ஓரம்' என்று எழுதுவேன், கூடவே பார்க்கப்படும் பொருளின் பெயரையும் சொல்வேன்.

அடுத்த படத்தில் கண் மட்டும் ஓரத்துக்குப் போயிருந்தது, முகம் நேராகவே இருந்தது. "யார் மேலயோ சந்தேகப்படற மாதிரி இருக்குண்ணே" என்றார் அந்தப் பெண். நிஜ வாழ்க்கையில் சின்ன விலகலுக்குக் கண் மட்டும் நகரும். பொருள் பதினைந்து, இருபது டிகிரிக்கு மேல் தள்ளி இருந்தால் தலையும் கூடவே போகும். தலை போகாமல் கண் மட்டும் போனால் அது கள்ளப்பார்வைதான். அதோடு, பார்வை எங்கே போகிறது என்பதை நாம் கருவிழியை மட்டும் வைத்து முடிவு செய்வதும் இல்லை. 1824-ல் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற இங்கிலாந்து அறிவியலாளர் இதை ஓவியங்களை வைத்தே காட்டினார். அதே ஜோடிக் கண்களை வைத்துக்கொண்டு, மூக்கும் முகமும் வேறு பக்கம் திரும்பியதாக மாற்றினால், கண்கள் வேறு இடத்தைப் பார்ப்பதாகத் தோன்றும். அதனால்தான் போட்டோஷாப்பில் கருவிழியை மட்டும் நகர்த்தி ஒப்பேற்ற முடிவதில்லை.

ஆகவே தலைக்கு ஒரு வாக்கியம், கண்ணுக்கு ஒரு வாக்கியம் என்று பிரித்து எழுதினேன். டிகிரிக் கணக்கு சொல்லிப் பார்த்தேன், முப்பதுக்கும் அறுபதுக்கும் வித்தியாசம் காட்டவில்லை. முக்கால் முகம் என்று நாம் சொல்வதற்கான ஆங்கிலச் சொல்லும், திரும்பினால் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும்தான் வேலை செய்தன. தூரத்துக் காது மறைந்திருக்க வேண்டும், இரண்டு கண்ணும் தெரிய வேண்டும்.

கீழ்ப்பார்வையில் இன்னொரு வம்பு. குழந்தை கீழ்ப்படியில் நிற்கிறது என்பதால் 'கீழே பார்க்கிறார்' என்று போட்டேன். கண்ணை மூடி சாமி கும்பிடுவது போல வந்தது. கீழே பார்க்கும்போது மேல் இமை இறங்குவது நிஜம்தான், ஆனால் கருவி அதை முழுக்க மூடிவிடுகிறது. கருவிழி தெரிய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் நின்றது இது:

```
Three-quarter view, her face turned toward the right edge
of the picture, far ear hidden, chin slightly lowered.
Her eyes rest on the child's hands holding the string,
upper lids half lowered, irises still visible.
```

'குழந்தையைப் பார்க்கிறார்' என்பதை 'குழந்தையின் கையைப் பார்க்கிறார்' என்று குறுக்கியதில் பார்வை ஓரளவு ஒரே இடத்தில் ஊன்றியது. சரிபார்க்க நான் செய்வது எளிமையான வேலை. திரையில் ஒரு அட்டையால் கண்களை மறைத்து, மூக்கு எங்கே காட்டுகிறது என்று பார்ப்பேன். அப்புறம் மூக்கை மறைத்துக் கண்களைப் பார்ப்பேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குப் போக வேண்டும். கருவிழியிலிருந்து பொருள் வரை ஒரு அடிக்கோலும் வைப்பேன்.

கோல் வைத்தபோது தெரிந்தது, அம்மாவின் பார்வை பையன் தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி ஆற்றுக்குப் போகிறது. எத்தனை முறை மாற்றி எழுதியும் இறங்கவில்லை. தாடையை இன்னும் இறக்கச் சொன்னால் கண் மூடிக்கொள்கிறது. காரணம் தூரம் என்று நினைக்கிறேன். பையன் அம்மாவைவிட ஒரு படி நமக்குப் பக்கத்தில் நிற்கிறான், அதனால் அவர் முகம் கொஞ்சம் நம் பக்கமும் சாய வேண்டும். கருவியோ பக்கவாட்டிலேயே பார்வையை ஓட்டுகிறது. நான் மறுபடியும் பையனையே நகர்த்தினேன். அம்மா நிற்கும் படிக்கே அவனை ஏற்றி, அவர் பக்கத்தில் நிறுத்தி, சப்பரக் கயிற்றைத் தூக்கிப் பிடிக்க வைத்தேன். பார்வைக் கோட்டில் அவன் கை வந்து உட்கார்ந்தது.

ஒரு குறை மீதி இருந்தது. நேர்ப்படத்தில் மூக்குத்தண்டு எவ்வளவு உயரம், தாடை எப்படி வளைகிறது என்பதெல்லாம் தெரியாது. திரும்பச் சொன்னால் கருவி அதைத் தானாக இட்டுக்கட்டும். கொஞ்சம் திரும்பினால் சமாளிக்கலாம், அதிகம் திரும்பத் திரும்ப வேறு யாரோ ஆகிவிடுவார். "பக்கவாட்டுல ஒரு படம் கிடைக்குமாம்மா?" என்று கேட்டேன். தங்கச்சி கல்யாண ஆல்பத்தில், பந்தியில் யாருக்கோ சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும் அம்மா, வலது கன்னம் தெரிய, ஓரத்தில் இருந்தார். அதை ஸ்கேன் செய்து இரண்டாவது மாதிரிப் படமாகக் கொடுத்தபோது மூக்கு அவருடையதாக வந்தது.

அந்தப் பெண் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இப்படித்தாண்ணே பார்ப்பாங்க" என்றார். அப்புறம் சப்பரத்தின் காகிதம் சிவப்பாக இருக்கிறது, பையனுடையது பச்சை, அதை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றார். மாற்றிக் கொடுத்தேன்.